கம்பி இல்லாத ஒன்பது நாள்

ஏழு வருஷம் இழுத்த முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் கடைசியாகக் கொடுத்த நீட்டிப்பு மூன்று மாதம். அதற்குள் ஆய்வேடு போய்ச் சேரவில்லை என்றால் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து பதிந்து படிக்க எனக்குத் தெம்பு இல்லை. வீட்டில் இன்னொரு தடவை கேட்க முகமும் இல்லை. அந்தக் கடிதத்தை வாங்கிய நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலிலிருந்து எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன். இயல்பிலேயே எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் நிற்கும் முன்னால் படியில் இறங்கி நிற்கிற ஆள் நான்.

ஆய்வு ஒரு குளத்தைப் பற்றியது. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் குளம். நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் நாரைகள் கூடு கட்டும். தண்ணீர் எப்போது வந்தது, எவ்வளவு நின்றது, கூடுகள் எத்தனை என்பதுதான் என் கேள்வி. ஐந்து பருவங்கள், வாரம் ஒருமுறை, கரையில் அதே இடங்களில் நின்று எடுத்த படங்கள் ஆறாயிரத்துப் பன்னிரண்டு. ஒவ்வொரு படத்தையும் கணினியில் திறந்து, பறவை உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் ஒரு கட்டம் வரைய வேண்டும். அதற்கென்று இருக்கும் மென்பொருள், படத்துக்கு ஒன்றாக ஒரு சின்னக் குறிப்புக் கோப்பில் அந்தக் கட்டங்களைச் சேமிக்கும். கடைசியில் அவற்றை எண்ணினால் ஆய்வேட்டின் பாதி முடிந்தது.

படங்கள் இருந்தது திருநெல்வேலியில், எங்கள் ஆய்வகக் கணினியில். நான் இருந்தது சாத்தான்குளத்தில். காலையில் பக்கத்துக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, வீடு வந்து சாப்பிட்டால் மணி இரண்டு. அதற்கு மேல் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனால், போன காலோடு திரும்ப வேண்டியதுதான். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்று யாரும் கேட்கலாம். இரண்டாம் வருஷம் அப்படிக் கொண்டுவந்து, பஸ் படியில் கீழே போட்டு, ஒரு பருவத்தின் குறிப்புகளை மொத்தமாகத் தொலைத்தவள் நான்தான். அன்றைக்கு நெறியாளர் அம்மா ஒரு விதி போட்டார்: இனிமேல் குறிப்புகள் ஆய்வகக் கணினியில்தான் சேமிக்கப்பட வேண்டும், அங்கேதான் தினமும் பிரதி எடுக்கிறார்கள். விதி எல்லோருக்கும்தான். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆய்வகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். காயல்பட்டினத்துக்காரி, என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். கேலிக்குக் கூப்பிட ஆரம்பித்து எனக்கு அதுவே அவள் பெயராகிவிட்டது. கடிதத்தைக் காட்டி அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"வீட்டுல இருந்தே செய்யணும் லாத்தா. படம் இங்கன, நான் அங்கன. வழி சொல்லு."

"அழுவாத புள்ள. வழி இருக்கு. இங்க உள்ள ஃபோல்டர ஒன் லேப்டாப்புல உள்ள ஃபோல்டர் மாதிரியே காட்டிரலாம்."

sshfs என்று தொடங்கும் ஒரே வரி. அதில் முதலில் ஆய்வகக் கணினியின் முகவரி, அடுத்து அங்கே படங்கள் இருக்கும் ஃபோல்டர், கடைசியில் என் லேப்டாப்பில் அவள் புதிதாகத் திறந்த ஒரு காலி ஃபோல்டர். அதற்கு 'குளம்' என்று பெயர் வைத்தாள். வரியைத் தட்டினாள். காலியாக இருந்த குளத்தைத் திறந்தால் ஆறாயிரம் படமும் உள்ளே. நான் வாயைப் பிளந்தேன்.

"இது எல்லாம் இப்ப என் லேப்டாப்புக்குள்ள வந்துட்டா?"

"ஒண்ணும் வரல. எல்லாம் அங்கனதான் இருக்கு. இது வாசல் மட்டும், மவுண்ட்னு சொல்லுவோம். நீ தொறக்கும்போதுதான் அங்க இருந்து எடுத்துட்டு வரும். நீ சேமிச்சா அங்க கொண்டு போய் வைக்கும்."

தினமும் அந்த வரியை நான் தட்டமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். முகப்பில் 'இணை' என்று ஓர் ஐகான் வைத்துத் தந்தாள். "லேப்டாப்ப மூடித் தொறந்தா ஒண்ணும் செய்யாண்டாம், அதுவே மறுபடி பிடிச்சுக்கிடும். முழுசா ஆஃப் பண்ணிப் போட்டா மட்டும் இத ஒரு தட்டுத் தட்டு" என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். தலையாட்டும்போதே மனது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து குளத்தைத் திறந்தேன். படங்களைச் சின்னச் சின்னதாக வரிசைப்படுத்திக் காட்டும் நிரலில் திறந்ததுதான் தப்பு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டிப் படம் காட்ட அது ஒவ்வொரு பெரிய படத்தையும் திருநெல்வேலியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. பத்துப் படம் வந்தது. நான் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். இருபது வந்திருந்தது. மூடினால் மூடவும் மாட்டேன் என்றது. எழுந்து நின்று மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். மேசை என்ன செய்யும் பாவம்.

மறுநாள் குறிக்கும் மென்பொருளிலேயே நேராகத் திறந்தேன். ஒரு படம் வர ஆறேழு நொடி. கேட்பதற்குக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆறாயிரம் முறை காத்திருக்கப் போகிறவளிடம் கேட்க வேண்டும். வீட்டுக்கு இணைப்புத் தரும் கேபிள்காரருக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக ஆள் அனுப்பிப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். ஃபோனில் படக்காட்சியெல்லாம் தங்குதடையில்லாமல் ஓடியது. குளம் மட்டும் அதே ஆறேழு நொடி.

இதற்கிடையில் அதுவரைக்கும் குறித்ததை எண்ணிப் பார்க்க ஆசை வந்தது. லாத்தா எழுதிக் கொடுத்த சின்ன நிரல் ஒன்று இருந்தது, குறிப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கட்டங்களைக் கூட்டும். பழைய பருவத்தில் செய்த ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள்மேல் அதை ஓடவிட்டேன். கோப்பு ஒவ்வொன்றும் நாலைந்து வரி. எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு படத்தின் அளவில் கால் பங்குகூட வராது. ஐந்து நிமிடமாகியும் முடியவில்லை. லாத்தாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஒன் மவுண்ட் ஒரு தரித்திரம் பிடிச்சது லாத்தா. பெரிய படம் ஏழு செகண்ட்ல வருது. நாலு வரிக் கோப்பு வர மாட்டேங்கு."

அவள் சிரித்தாள். "நீ எத்தன கோப்பு கேக்குத?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"சாத்தான்குளத்துல இருந்து டவுணுக்கு பஸ் ஏறி ஒரு சட்ட பித்தான் வாங்கிட்டு வா. வீட்டுல வச்சிட்டு மறுபடி பஸ் ஏறி இன்னொரு பித்தான் வாங்கிட்டு வா. ஆயிரம் பித்தானுக்கு ஆயிரம் பஸ். பித்தான் கனம்னா சொல்லுவ? பஸ்ஸு பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன. போயிட்டு வாற நேரம் போயிட்டு வாற நேரம்தான்."

ஒரு கோப்புக்கே ஒரு நடை போதாதாம். திற என்று ஒரு நடை, படி என்று ஒரு நடை, மூடு என்று ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் நொடியில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அதைக் குறைக்கக் கேபிள்காரரால் முடியாது. அவர் கூட்டித் தருவது ஒரே நேரத்தில் எவ்வளவு வரும் என்பதை. பெரிய படத்துக்கோ அதுவும் உதவாது, ஏனென்றால் அந்தப் பக்கம் கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் குறைவு, அங்கேதான் கழுத்து இறுகியிருக்கிறது. இத்தனையும் அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கேபிள்காரரை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"எண்ணுறத இங்கன லேப் கம்ப்யூட்டர்லயே ஓட விடு. கோப்பு எங்க இருக்கோ அங்க எண்ணு. ஒனக்கு வர வேண்டியது ஒரே ஒரு நம்பர்" என்றாள். அவளே அங்கே ஓட்டினாள். நான் "சரி" என்று சொல்லி முடிப்பதற்குள் எண் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு முறையை வகுத்தாள். அன்றன்றைக்கு வேண்டிய படங்களை மட்டும் மொத்தமாகப் பிரதி எடுத்து லேப்டாப்பில் கொண்டுவந்து போடும் இன்னோர் ஐகான். அதற்கும் மவுண்ட்டுக்கும் சம்பந்தம் கிடையாது, தனி வழி. கல்லூரிக்குக் கிளம்பும் முன் அதைத் தட்டிவிட்டால் நான் திரும்பும்போது நூறு நூற்றைம்பது படம் வந்து கிடக்கும். திறக்கக் காத்திருக்க வேண்டாம். குறிப்புகள் மட்டும் விதிப்படி குளத்தில், அதாவது ஆய்வகக் கணினியில், நேராகச் சேமிக்கப்படும். முடிந்த படங்களை அழித்துவிட்டால் என் லேப்டாப்பிலும் இடம் அடைக்காது.

இதற்கப்புறம் வேலை ஓடியது. ஒரே ஒரு தொந்தரவு, சேமிக்கும்போது வரும் தயக்கம். ஒரு படம் முடித்துச் சேமித்தால் மென்பொருள் கோப்பை எழுதி, பிறகு ஃபோல்டரில் உள்ள பட்டியல் முழுவதையும் மறுபடி ஒரு தடவை பார்க்கும். எல்லாம் அங்கே போய்ப் போய் வர வேண்டும். இரண்டு மூன்று நொடி திரை அப்படியே நிற்கும். அந்த மூன்று நொடி எனக்கு முள் குத்தியது மாதிரி இருந்தது. காலை ஆட்டுவேன், நகத்தைக் கடிப்பேன், நிற்கும் திரையையே முறைப்பேன். முறைக்கும்போது சில சமயம் விட்டுப்போன கூடு ஒன்று கண்ணில் படும். சலித்துக்கொண்டே திரும்பப் போய் ஒரு கட்டம் வரைந்து மறுபடி சேமிப்பேன். மறுபடி மூன்று நொடி. ஒரு நாளைக்கு நூறு படம். நாலாயிரத்து அறுநூறு முடித்தபோது என் கணக்குப்படி பதினாலு நாள் வேலை மிச்சம் இருந்தது, கடைசித் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் எழுத வேண்டிய அத்தியாயம் இரண்டு.

அந்த வாரத்தில்தான் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாது. என் லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல காலம், செருகி வைத்தால்தான் உயிர். மற்ற நாள்களில் மூடி மட்டும் வைப்பவள், அன்றைக்கு முழுதாக அணைத்தேன். சாயங்காலம் கரண்ட் வந்ததும் செருகினேன், பிரதி எடுத்தேன், குறிக்க உட்கார்ந்தேன்.

முதல் படத்தைச் சேமித்தேன். திரை நிற்கவில்லை. அடுத்த படம் அந்தக் கணமே வந்து நின்றது. இன்னொன்று சேமித்தேன், அதுவும் அப்படியே. மின்வாரியத்தோடு சேர்ந்து கேபிள்காரரும் எதையோ சரிசெய்துவிட்டார் என்று நினைத்தேன். மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு விளக்கு வைத்த நேரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அறுபது படம். மறுநாள் நூற்று அறுபது. அதற்கு மறுநாள் நூற்று எழுபத்தைந்து. விரலுக்கும் கண்ணுக்கும் நடுவில் எதுவும் குறுக்கே நிற்காத சுகத்தை எப்படிச் சொல்வது. கல்லூரியில் இருக்கும்போதே எப்போது வீட்டுக்குப் போய் உட்காருவோம் என்று உடம்பு பறந்தது. ஒன்பதாவது நாள் சாயங்காலம் கடைசிப் படம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. இன்னும் பதினேழு நாள் கையில் இருந்தது. நான் சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

லாத்தாவுக்கு ஃபோன் போட்டேன். "முடிச்சிட்டேன் லாத்தா! எண்ணிச் சொல்லு."

"அல்லாவே, அதுக்குள்ளயா?" என்று தட்டினாள். மறுபடி ஒருமுறை தட்டினாள். "ஏளா, நாலாயிரத்து அறுநூறுதான் இருக்கு."

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாக்கேன். கரண்ட் கட்டுக்கு முந்தின நாளோட நிக்கி. அதுக்குப் பொறவு ஒரு கோப்புகூட வரல."

அவள் நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். இணை ஐகானைத் தட்டச் சொன்னாள். தட்டினேன். குளத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். உள்ளே எல்லாம் இருந்தது, ஆனால் நாலாயிரத்து அறுநூறோடு. லேப்டாப் முழுக்கத் தேடச் சொன்னாள். அன்றைய தேதி, முந்தின தேதி, எதைப் போட்டுத் தேடினாலும் ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து நான் எதையுமே செய்யவில்லை என்று லேப்டாப் சொன்னது.

"நீ சேமிச்சியாளா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் ஃபோனைத் துண்டித்துவிட்டேன். அவள் கேட்டது நியாயம். ஏற்கெனவே ஒருமுறை தொலைத்தவள்தானே. நெறியாளர் அம்மாவின் முகம் கண் முன்னால் வந்தது. என் வீட்டுக்காரர் வந்து, "இன்னொரு தடவை நீட்டிப்புக் கேக்க முடியாதா?" என்றார். அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் கேட்டது நல்ல எண்ணத்தில்தான்.

மறுநாளிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வேறென்ன செய்ய. அழுகையும் ஆத்திரமுமாக, அதே படங்களைப் பிரதி எடுத்து, அதே மரங்களில் அதே கூடுகள். திரையும் பழையபடி சேமிப்புக்குச் சேமிப்பு மூன்று நொடி நின்றது. எனக்கு அப்போது அதை முறைக்கவும் திராணி இல்லை, சும்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளில் முன்னூற்று அறுபது படம். மிச்சம் பதின்மூன்று நாள். வராது என்று விரல்விட்டு எண்ணாமலே தெரிந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. ஆய்வகத்திலேயே உட்கார்ந்து செய்தால் வேகமாக இருக்கும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். லாத்தா தன் மேசையிலேயே இடம் ஒதுக்கித் தந்தாள். ஃபோன் துண்டித்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வளாக வைஃபையில் சேர்ந்து, இணை ஐகானைத் தட்டிவிட்டுக் குறிக்க ஆரம்பித்தேன். இங்கே மூன்று நொடி இல்லை. அரை நொடிதான், ஆனாலும் திரை லேசாகத் தயங்கிவிட்டுத்தான் நகர்ந்தது.

பத்துப் படம் போயிருக்கும். எரிச்சலில் சொன்னேன்: "இங்கன உக்காந்தும் அந்த ஒம்பது நாள் வேகம் வர மாட்டேங்கு. அது செத்த நேரங்கூட நிக்காம ஓடிச்சு."

லாத்தா டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன வேகம்?"

"சேமிச்சா ஒடனே அடுத்த படம். கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள."

"சாத்தான்குளத்துலயா?"

"ஆமா."

"ஒரு தடவகூட நிக்கலயா?"

"ஒரு தடவகூட நிக்கல."

அவள் என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "லேப்புக்குள்ளயே அரை செகண்ட் ஆகுது. சாத்தான்குளத்துல ஒடனேன்னா எந்தக் கம்பியிலயும் அப்படி வராது புள்ள. கம்பியே இல்லன்னாத்தான் வரும்."

மென்பொருளை மூடச் சொன்னாள். இணைப்பைக் கழற்றும் வரியைத் தட்டினாள். பிறகு, எதோடும் இணையாமல் வெறும் ஃபோல்டராகக் கிடந்த குளத்தைத் திறந்தாள். காலியாக இருக்க வேண்டிய குளம் அது. உள்ளே, மென்பொருள் தானாகவே திறந்துகொண்ட குறிப்புகள் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எப்படி? நான் தேடுனேனே!"

"ஆஃப் பண்ணிட்டு இணைக்காம உக்காந்திருக்க. வாசல் இல்ல, வெறும் தரைதான் இருக்கு. நீ தரையில வச்சிக்கிட்டே போயிருக்க. பொறவு நான் ஃபோன்ல இணைக்கச் சொன்னேன்லா? தரையில கெடந்தது மேல பாய விரிச்சாச்சு. பாய்க்கு மேல தேடுனா எப்படிக் கெடைக்கும்? ஒன் நஸீபு நல்லாருக்கு, ஒண்ணும் அழியல." தன் நெற்றியிலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "எனக்கும் அன்னைக்கே தோணிருக்கணும். ஒங்கிட்ட வேகத்தக் கேக்கல பாரு."

ஒன்பது நாளும் அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தத் தூரத்துக்கு இந்த வேகம் வராது என்று எனக்குப் பஸ்ஸும் பித்தானும் வைத்து முன்பே படித்துக் கொடுத்திருந்தாள். மெதுவாக இருந்தால் கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகிற நான், வேகமாக இருந்தபோது ஏன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

லாத்தா கோப்புகளை ஆய்வகக் கணினிக்கு அனுப்பத் தயாரானாள். இரண்டு தடவை குறித்த முன்னூற்று அறுபது படங்களுக்கு இரண்டிரண்டு கோப்பு இருந்தன. எதை வைப்பது என்று கேட்டாள். எதுவானாலும் ஒன்றுதானே என்றேன். எதற்கும் பார்ப்போம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினாள்.

பிந்தி, நாலு நாளில், மூன்று மூன்று நொடியாகக் காத்திருந்து குறித்தது: நாலாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டுக் கூடு. முந்தி, வேகமாகக் குறித்தது: மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

அதே படங்கள். அதே கண்கள்.

ஒரு படத்தைத் திறந்து இரண்டு குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். ஒன்றில் முப்பத்தொன்று, ஒன்றில் இருபத்து நாலு. விட்டுப்போன ஏழும் இலைக்குப் பின்னால் பாதி தெரிந்தவை, ஒரு கழுத்து, ஓர் அலகு நுனி. இன்னொரு படம், இன்னொன்று. எல்லாவற்றிலும் அப்படியே. சேமிக்கும்போது மிச்சமான நேரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டேன். நூறு படத்துக்கு மூன்று மூன்று நொடி என்றால் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து ஒரு நாளைக்கு அறுபது எழுபது படம் கூடுதலாகச் செய்திருக்க முடியாது. மற்றதெல்லாம் நான் பார்க்காமல் தள்ளியது. திரை நிற்கும்போது மட்டும்தான் என் கண் படத்தில் நின்றிருக்கிறது, அதுவும் முறைப்பதற்காக.

லாத்தா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "யாருக்கும் தெரியப் போறதில்ல. கையால எண்ணுனா கூடக்கொறயத்தான் இருக்கும்."

அது உண்மை. பதின்மூன்று நாள்தான் இருந்தது. அந்தக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அன்றைக்கே குறிக்கும் வேலை முடிந்தது, நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாம். எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி ஆசையாக இருந்தது.

"முந்தி குறிச்சத அழிச்சிரு" என்றேன்.

"வேணாம், ஒரு ஓரமா இருக்கட்டும். பொறவு ஒப்பிட்டுப் பாக்க உதவும்."

"இருந்தா எடுத்துருவேன் லாத்தா. ஒரு நாளு பின்னால போனா, இது ஒண்ண மட்டும் எடுத்துக்கலாம்னு கை போகும். என்னைய எனக்குத் தெரியாதா?"

அவள் அசையவில்லை. கையைக்கூட விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்து, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டின் மொத்தக் கூட்டை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நானே அழித்தேன். நாலு நாள் அழுது தேடிய கோப்புகள். லேப்டாப்பிலேயே இருந்தவை என்பதால் ஒரு நொடிகூட ஆகவில்லை.

பிறகு இணை ஐகானைத் தட்டினேன். முன்னூற்று அறுபத்தொன்றாவது படத்தைத் திறந்தேன். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, லாத்தா வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய் வந்து, அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்தேன். அங்கே திரை அரை நொடிதான் நிற்கும் என்பதால், சேமிக்கும் முன் கையை எடுத்துவிட்டு மெதுவாக மூன்று எண்ணினேன். அத்தியாயங்களைப் பஸ்ஸில் எழுதினேன். அவற்றில் ஒன்று நன்றாக வரவில்லை என்று நெறியாளர் அம்மா சொன்னார், வரவில்லைதான். கடைசித் தேதி அன்று மதியம் அலுவலகத்தில் ஆய்வேட்டை வைத்துவிட்டு ரசீது வாங்கினேன்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்குள் நான் வேகமாகப் போன தடவை இல்லாத கூடுகள், இரண்டாம் தடவை ஆயிரத்து அறுநூற்றுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முதல் தடவையும் அவை அங்கேதான் உட்கார்ந்திருந்தன.